காலம் காட்டாத வினை: இந்தோனேசிய மொழிக்குள் நுழைபவர்களுக்கு

சாப்பிட்டேன், சாப்பிடுகிறேன், சாப்பிடுவேன். இந்த மூன்றுக்கும் இந்தோனேசிய மொழியில் ஒரே வாக்கியம்தான்: ஸாயா மாக்கான். ஸாயா என்றால் நான். மாக்கான் என்றால் சாப்பிடு. நேற்றோ நாளையோ, அவனோ அவளோ அவர்களோ, மாக்கான் அப்படியேதான் இருக்கும்.

தமிழில் வினையின் வாலைப் பார்த்தால் போதும், எப்போது, யார் என்ற இரண்டுமே தெரிந்துவிடும். அந்தப் பழக்கத்தோடு இந்தோனேசிய வினையின் வாலில் காலத்தைத் தேடினால் கிடைக்காது. அந்த மொழியில் வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. வினையின் தலையில் ஒட்டும் முன்னொட்டு, இது எந்த மாதிரிச் செயல், யார் பக்கம் நின்று சொல்கிறோம் என்பதைக் காட்டும். காலத்தை வினைக்கு வெளியே நிற்கும் தனிச் சொல் சொல்லும். முன்னொட்டிலிருந்து தொடங்குவோம்.

எழுத்தைப் பற்றி ஒரு குறிப்பு. இந்தோனேசிய மொழி ரோமன் எழுத்தில் எழுதப்படுவது. இங்கே சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். அகராதியில் தேடவும் செல்பேசியில் தட்டவும் அசல் எழுத்துக்கூட்டல் தேவைப்படும் இடங்களில் அதைத் தனியாகக் காட்டுகிறேன். மெ, பெர், தெர் என்ற முன்னொட்டுகளில் வரும் எகரத்தை வாய் நிறையச் சொல்லாதீர்கள். பாதி விழுங்கிய ஒலி அது.

ஒன்றும் ஒட்டாத வினைகள்

முதல் வாரத்துக்கு இவை போதும். மாக்கான் (சாப்பிடு), மீனும் (குடி), தீடுர் (தூங்கு), பெர்கி (போ), டாத்தாங் (வா), பூலாங் (வீடு திரும்பு), டூடுக் (உட்கார்). இவற்றுக்கு முன்னொட்டு வேண்டாம்.

விதியைப் படித்த உற்சாகத்தில் இவற்றின் தலையிலும் எதையாவது ஒட்டிவிடுவார்கள். "ஸாயா மெமாக்கான் நாஸி" என்று ஒருவர் சொன்னால் இலக்கணப்படி தவறில்லை. ஆனால் சோறு சாப்பிடுகிறவர் யாரும் அப்படிப் பேசமாட்டார். மெமாக்கான் என்பது பெரும்பாலும் "இந்த வேலை இரண்டு மணி நேரத்தைத் தின்கிறது" என்பது போன்ற இடத்தில் வரும். தட்டில் இருக்கும் சோற்றுக்கு மாக்கான் போதும்.

பெர்: தன்னளவில் நடப்பதும், ஒன்றை உடையதும்

பெர் ஒட்டினால் பெரும்பாலும் அந்த வினைக்கு "எதை?" என்ற கேள்வி கிடையாது. பெர்ஜாலான் (நட), பெர்மாயின் (விளையாடு), பெர்பிச்சாரா (பேசு), பெக்கெர்ஜா (வேலை செய்) எல்லாம் இந்த வகை. கடைசிச் சொல்லில் ர் காணாமல் போனதைக் கவனித்தீர்களா? கெர்ஜா என்ற வேர்ச்சொல்லின் முதல் அசையிலேயே ஒரு ர் இருக்கிறது. இரண்டு ர் அடுத்தடுத்து வருவது நாக்குக்குச் சிரமம் என்று முன்னொட்டின் ர் உதிர்ந்துவிடுகிறது. ஆஜார் என்ற வேரோடு சேரும்போது மட்டும் ர் என்பது ல் ஆகி பெலாஜார் (படி, கற்றுக்கொள்) என்று வரும். அதை விதியாக யோசிக்காமல் தனிச் சொல்லாக மனப்பாடம் செய்துவிடுங்கள்.

பெர் பெயர்ச்சொல்லிலும் ஒட்டும். தோப்பி என்றால் தொப்பி. பெர்தோப்பி என்றால் தொப்பி போட்டிருக்கிற. ஸெபேடா என்றால் சைக்கிள். பெர்ஸெபேடா என்றால் சைக்கிள் ஓட்டு. இஸ்த்ரி என்றால் மனைவி. பெரிஸ்த்ரி என்றால் மனைவி உள்ளவன், அதாவது கல்யாணமானவன். நம்முடைய திரை கடல் தாண்டிப் போய் அங்கே திராய் ஆகியிருக்கிறது. திரைச்சீலை போட்ட ஜன்னல் ஜெண்டேலா பெர்திராய். கப்பலும் கடையும் அப்படிப் போனவைதான், காப்பால், கெடாய் என்று அங்கே குடியேறிவிட்டன.

இந்த முன்னொட்டைப் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவர்களே சொல்லிச் சிரிக்கும் ஒரு சொல் உண்டு: பெருவாங். பிரிக்காமல் படித்தால் கரடி. பெர், ஊவாங் என்று பிரித்தால் பணம் உள்ள. பெர், ருவாங் என்று பிரித்தால் இடம் உள்ள, அறை உள்ள. மூன்றுக்கும் எழுத்துக்கூட்டல் ஒன்றே. எது என்று வாக்கியம்தான் சொல்லும்.

மெ: இங்கே கொஞ்சம் உட்கார வேண்டும்

செய்கிறவர் பக்கம் நின்று, அவர் ஒன்றைச் செய்கிறார் என்று சொல்லும் முன்னொட்டு மெ. அதன் கூடவே ஒரு மூக்கொலி வரும். அந்த மூக்கொலி எது என்பது வேர்ச்சொல்லின் முதல் எழுத்தைப் பொறுத்தது. பிற மொழிக்காரர்கள் இதற்கு ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் உருப்போடுகிறார்கள். பள்ளியில் இன எழுத்து படித்த நமக்கு அது தேவையில்லை. க-வுக்கு ங, ச-வுக்கு ஞ, த-வுக்கு ந, ப-வுக்கு ம. கங்கணம், சஞ்சலம், தந்தம், பம்பரம். இந்தோனேசியாவிலும் அதே ஜோடிதான். அரிச்சுவடியில் சும்மா உட்கார்ந்திருந்த ங-வுக்கு அங்கே கை நிறைய வேலை.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. பம்பரம் என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதல் ப வெடிப்பாக வருகிறது. ம்-முக்குப் பின்னால் வரும் ப தொண்டை அதிர்ந்து வருகிறது. நாம் இரண்டுக்கும் ஒரே எழுத்தைப் போடுகிறோம். அவர்கள் p, b என்று தனித்தனியாக எழுதுகிறார்கள். தமிழ் நாக்கு மூக்கொலிக்குப் பின்னால் வரும் வெடிப்பொலியைத் தானாகவே அதிரவைத்துவிடும். இந்தோனேசிய நாக்கு வேறொன்று செய்கிறது: அந்த வெடிப்பொலியை விழுங்கிவிடுகிறது. மூக்கொலி மட்டும் மிஞ்சுகிறது. அதிர்கிற ஒலியாக இருந்தால் விழுங்குவதில்லை, அப்படியே வைத்துக்கொள்கிறது.

```
p  pukul   -> memukul
t  tulis   -> menulis
k  kirim   -> mengirim
s  sapu    -> menyapu

b  baca    -> membaca
d  dengar  -> mendengar
g  goreng  -> menggoreng
j  jual    -> menjual
```

மேலே உள்ள நாலு வரிகளில் வேரின் முதல் எழுத்து மறைந்துவிட்டது. புக்குல் (அடி) என்பது மெமூக்குல். துலிஸ் (எழுது) என்பது மெனூலிஸ். கிரிம் (அனுப்பு) என்பது மெங்ஙிரிம். சாப்பு (பெருக்கு) என்பது மெஞாப்பு. கீழே உள்ள நாலில் எதுவும் மறையவில்லை: மெம்பாச்சா (வாசி), மென்டெங்ஙார் (காதால் கேள்), மெங்கோரெங் (எண்ணெயில் பொரி), மென்ஜுவால் (வில்). அங்கே பள்ளிப் பிள்ளைகள் மறையும் எழுத்துகளை KPST என்று நினைவு வைத்துக்கொள்கிறார்கள். நமக்கும் அது போதும்.

மெங்ஙிரிம், மெங்கோரெங் இரண்டையும் உச்சரிப்பதில்தான் தமிழர்கள் வழுக்குவார்கள். முதலாவதில் க ஒலியே கிடையாது; அங்ஙனம் என்று சொல்லும்போது வரும் அதே ங் மட்டும். இரண்டாவதில் சங்கு என்பதில் வருகிற மாதிரி அதிர்கிற க ஒலி உண்டு. எழுத்திலும் அது தெரியும்: ஒரு g என்றால் வெறும் ங், இரண்டு g என்றால் கூட ஒரு க ஒலியும் உண்டு.

மற்றவை சுருக்கமாக. உயிரெழுத்தில் தொடங்கும் வேருக்கு மெங் வரும்: ஆம்பில் (எடு), மெங்ஙாம்பில். ல, ர, ம, ன போன்றவற்றில் தொடங்கினால் வெறும் மெ: மெலீஹாத் (பார்), மெமாஸாக் (சமை). c எழுத்தில் தொடங்கும் வேருக்கு மூக்கொலி சேரும், எழுத்து மறையாது: சூச்சி (கழுவு), மென்ச்சூச்சி. ஒரே அசை உள்ள குட்டிச் சொல்லுக்கு மெங்ஙெ வரும்: சாத் (பெயின்ட்), மெங்ஙெச்சாத் (பெயின்ட் அடி).

விதிக்கு அடங்காதவையும் உண்டு. பூஞா என்ற வேரிலிருந்து வரும் மெம்பூஞாயி (வைத்திரு, உடைத்தாயிரு) என்ற சொல்லில் p மறையாது. தெருவிலும் நாளிதழிலும் தினமும் வரும் சொல் என்பதால் சீக்கிரம் பழகிவிடும். வேரின் தொடக்கத்தில் இரண்டு மெய்கள் சேர்ந்து நின்றாலும் எதுவும் மறையாது: மெம்ப்ரோதெஸ் (ஆட்சேபம் தெரிவி), மென்த்ராக்திர் (அடுத்தவர் சாப்பாட்டுக்கு நாம் காசு கொடு).

தலைகீழாகப் போவது: அகராதியில் தேடுவது

இந்தோனேசிய அகராதிகள் வேர்ச்சொல் வரிசையில் இருக்கும். 1988-இல் முதல் பதிப்பு வந்த பெரிய அகராதியான KBBI-யும் அப்படித்தான். மெனூலிஸ் என்ற சொல்லை m பக்கத்தில் தேடினால் கிடைக்காது. T பக்கத்தில் tulis என்ற தலைப்பின் கீழே அது இருக்கும். புதியவர்கள் அகராதியைத் தூக்கி எறிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

தேடும் முறை இது. மெ-வை உரித்துவிட்டு அடுத்து நிற்கும் மூக்கொலியைப் பாருங்கள். ம் வந்து பின்னால் உயிர் வந்தால் p போட்டுத் தேடுங்கள், இல்லையென்றால் m. ந் என்றால் t, அப்புறம் n. ஞ் என்றால் s, அப்புறம் ny. ங் என்றால் k போட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் மூக்கொலியையும் உரித்துவிட்டு உயிரெழுத்திலேயே தேடுங்கள்.

மெமாக்காய் என்று ஒரு சொல் வருகிறது என்று வையுங்கள். p போட்டால் pakai, பயன்படுத்து, உடுத்து. முதல் முயற்சியிலேயே கிடைத்துவிட்டது. மெமாஸாக் என்பதற்கு p போட்டால் pasak என்று ஒரு சொல் அகராதியில் இருக்கிறது, ஆணி, முளை என்ற பொருளில். "அம்மா மீன் மெமாஸாக்" என்ற வாக்கியத்துக்கு அது பொருந்தாது. M போட்டால் masak, சமையல், சரியாக வந்துவிட்டது. ஆக, ஒரு வேர் கிடைத்தவுடன் நிறுத்திவிடாமல் அது வாக்கியத்தில் உட்காருகிறதா என்று பார்ப்பதும் தேடலில் சேர்ந்ததுதான். மெங்ஙூக்குர் என்ற சொல்லுக்கோ இரண்டு வேருமே உயிரோடு இருக்கின்றன: ஊக்குர் என்றால் அளத்தல், கூக்குர் என்றால் தேங்காய் துருவுதல். தையல்காரர் சொன்னாரா, சமையலறையில் கேட்டீர்களா என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஜகார்த்தா தெருவில் மெ என்பது பாதி காணாமல் போய்விடும், மூக்கொலி மட்டும் நிற்கும். மெனூலிஸ் என்பது நூலிஸ், மெங்ஙிரிம் என்பது ஙிரிம், மெஞாப்பு என்பது ஞாப்பு, மென்ச்சூச்சி என்பது ஞூச்சி. மெம்பாச்சா மட்டும் மூக்கொலியையும் விட்டுவிட்டு வெறும் பாச்சா ஆகிவிடும். எழுத்தில் முழு வடிவத்தைப் பயன்படுத்துங்கள், காதுக்கு இரண்டையும் பழக்குங்கள்.

டி: பொருளின் பக்கம் நின்று பார்ப்பது

மெ செய்கிறவர் பக்கம் என்றால், டி செய்யப்படும் பொருளின் பக்கம். ஈபு மெமாஸாக் ஈக்கான்: அம்மா மீன் சமைக்கிறார். ஈக்கான் டிமாஸாக் ஈபு: மீனை அம்மா சமைக்கிறார். டி ஒட்டும்போது வேரில் எந்த மாற்றமும் இல்லை, எந்த எழுத்தும் மறையாது. டிதூலிஸ், டிகிரிம், டிசாப்பு. மெ-யின் தொல்லைகளுக்குப் பிறகு இது ஓய்வு மாதிரி.

இலக்கணப் புத்தகங்கள் இதைச் செயப்பாட்டு வினை என்று சொல்லும். அதை நம்பி "மீன் அம்மாவால் சமைக்கப்படுகிறது" என்று மொழிபெயர்த்துக்கொண்டால் இந்த முன்னொட்டின் மனநிலை பிடிபடாது. தமிழில் "படு" போட்டுப் பேசுவது அறிக்கைத் தமிழ். அங்கே டி அன்றாடப் பேச்சு. நாம் "மீனை அம்மா சமைச்சாங்க" என்று செயப்படுபொருளை முன்னால் தூக்கி வைப்போம் அல்லவா, அதற்கு ஐ உருபு நமக்குக் கை கொடுக்கிறது. அவர்களுக்கு வேற்றுமை உருபு இல்லை. மீனை முன்னால் வைத்துவிட்டால் மீன்தான் சமைத்தது என்று ஆகிவிடாமல் காப்பாற்றுவது இந்த டி.

செய்தவர் "நான்" என்றால் டி வராது. நான் என்ற சொல்லே வேருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஸூராத் ஈத்து ஸாயா கிரிம்: அந்தக் கடிதத்தை நான் அனுப்பினேன். இங்கே மெ-யும் கிடையாது. "நீ" என்றாலும் இதே கதை. பல மாதம் அங்கே இருந்தவர்கள்கூட இதைத் தவறவிடுவார்கள்.

தெருப் பலகைகளில் இந்த முன்னொட்டைப் படித்துப் பழகலாம். `Dilarang merokok` என்ற பலகை எங்கும் இருக்கும். லாராங் என்றால் தடுத்தல். டிலாராங், தடை செய்யப்பட்டிருக்கிறது. ரோக்கோக் என்றால் சிகரெட். மெரோக்கோக், சிகரெட் பிடித்தல். இரண்டே சொல்லில் டி-யும் மெ-யும். காலிவீட்டு வாசலில் `Dijual` என்று எழுதியிருந்தால் விற்பனைக்கு. அதையே சிலர் `Di jual` என்று இடைவெளி விட்டு எழுதுவார்கள். அது பிழை, அங்கே மொழி ஆசிரியர்களை எரிச்சலூட்டும் பிழை. இடைவெளி விட்டு எழுதும் டி வேறு சொல், நம் "இல்" உருபு மாதிரி: டி ரூமாஹ், வீட்டில், டி பாஸார், சந்தையில். பின்னால் வருவது இடம் என்றால் பிரித்து எழுதுங்கள், வினை என்றால் சேர்த்து எழுதுங்கள்.

தெர்: கை மீறி நடந்தது

தீடுர் என்றால் தூங்கு. தெர்தீடுர் என்றால் தூங்கிப்போய்விடு, பஸ்ஸில் நம்மை அறியாமல் கண் சொக்குவது. தெர்திங்கால் என்றால் மறந்து விட்டுப்போனது: டோம்பெத் ஸாயா தெர்திங்கால், என் பர்ஸை விட்டுவிட்டு வந்துவிட்டேன். வேண்டுமென்று விட்டுவந்ததாக அதற்குப் பொருள் வராது. வேறு சில வினைகளில் தெர் வெறும் நிலையைச் சொல்லும்: தெர்பூக்கா, திறந்திருக்கிற. பண்புச்சொல்லில் ஒட்டினால் "மிக" என்றாகிவிடும்: தெர்பெஸார், மிகப் பெரிய. வினையா பண்பா என்று வேரைப் பார்த்தாலே குழப்பம் தீர்ந்துவிடும்.

இனி காலம்

இதுவரை பார்த்த எந்த முன்னொட்டும் எப்போது என்று சொல்லவில்லை. அதைச் சொல்லும் சொற்கள் இரண்டு வகை. ஒன்று, நாளையும் பொழுதையும் காட்டுவது. இன்னொன்று, வேலை முடிந்ததா, நடக்கிறதா, இனிமேலா என்று காட்டுவது.

```
kemarin  tadi  sekarang  nanti  besok  lusa
sudah  belum  sedang  lagi  masih  akan
```

முதல் வரிசை எளிது: கெமாரின் (நேற்று), தாடி (இன்றைக்குச் சற்று முன்), ஸெக்காராங் (இப்போது), நான்த்தி (இன்றைக்கு இனிமேல்), பேஸோக் (நாளை), லூஸா (நாளை மறுநாள்). இவற்றில் ஒன்று வாக்கியத்தில் வந்துவிட்டால் காலம் முடிவாகிவிட்டது, வேறெதுவும் வேண்டாம். கெமாரின் ஸாயா மாக்கான் டி ஸீனி: நேற்று இங்கே சாப்பிட்டேன். பேஸோக் ஸாயா மாக்கான் டி ஸீனி: நாளை இங்கே சாப்பிடுவேன்.

தாடியும் நான்த்தியும் தமிழர்களுக்குப் புதிது. இரண்டும் இன்றைய நாளை இப்போது என்ற புள்ளியில் வெட்டுகின்றன: கடந்த பாதி தாடி, வரப்போகிற பாதி நான்த்தி. மாலாம் என்றால் இரவு. தாடி மாலாம் என்றால் நேற்று இரவு, தூங்கி எழுந்ததற்கு முந்தைய இரவு. நான்த்தி மாலாம் என்றால் இன்று இரவு. கெமாரினை மட்டும் கறாராக நம்ப வேண்டாம். பேச்சில் அது நாலு நாள் முன்னாலும் போகும். தேதி முக்கியம் என்றால் எந்தக் கிழமை என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது வரிசையில் உயிர்நாடி சுடாஹ், பெலும் இரண்டும். சுடாஹ் மாக்கான்? சாப்பிட்டாச்சா? பதில், சாப்பிட்டிருந்தால் சுடாஹ், ஆச்சு. இல்லாவிட்டால் பெலும், இன்னும் இல்லை. நம் "ஆச்சு" ஏறக்குறைய அப்படியே அவர்களுடைய சுடாஹ்.

பெலும் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் "இல்லை" என்று, அதாவது தீடாக் என்று சொல்வது புதியவர்களின் நிரந்தரப் பிழை. நான் போன புதிதில் பக்கத்து வீட்டு அம்மா சுடாஹ் மெனீக்காஹ்? கல்யாணம் ஆச்சா? என்று கேட்டார். தீடாக் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. கல்யாணமே வேண்டாம் என்று நான் தீர்மானித்துவிட்ட மாதிரி அவர் காதில் விழுந்திருக்கிறது. பெலும் என்று சொல்லியிருந்தால் சிரித்துக்கொண்டு பெண் பார்க்கத் தொடங்கியிருப்பார். ஒரு காரியம் இனி நடக்க வாய்ப்பு உண்டு என்றால் பெலும் என்பதே அவர்கள் வழக்கம்.

இனி இதற்கு எதிர்ப்பக்கத்துப் பிழை. சுடாஹ் என்பதை இறந்தகாலக் குறி என்று எண்ணிக்கொண்டு ஒவ்வொரு வினைக்கும் முன்னால் அதைப் போடுவது. நேற்றைய நாளைச் சொல்லும்போது "கெமாரின் ஸாயா சுடாஹ் பெர்கி கெ பாஸார், சுடாஹ் பெலி ஈக்கான், சுடாஹ் பூலாங்" என்றால் அவர்களுக்கு எப்படிக் கேட்கும் தெரியுமா? "நேத்து சந்தைக்குப் போயாச்சு, மீன் வாங்கியாச்சு, வீட்டுக்கு வந்தாச்சு" என்று வேலைப் பட்டியலில் டிக் அடிக்கிற மாதிரி. கதை சொல்லும்போது கெமாரின் என்று ஒரு தடவை சொல்லிவிட்டு வினைகளை வெறுமனே அடுக்குங்கள்.

அதேபோல் சுடாஹ் எதிர்காலத்திலும் வரும். பேஸோக் ஜாம் ஸெபூலூஹ் ஸாயா சுடாஹ் டி ஸூராபாயா: நாளை பத்து மணிக்கு நான் ஸூராபாயாவில் இருப்பேன், அதற்குள் போய்ச் சேர்ந்தாச்சு. பண்புச்சொல்லோடும் வரும்: சுடாஹ் பெஸார், பெரியவன் ஆயாச்சு.

மற்றவற்றை வேகமாகப் பார்ப்போம். ஸெடாங் என்பது நடந்துகொண்டிருப்பதைச் சொல்லும், கொஞ்சம் எழுத்து நடை, பேச்சில் லாகி. ஆனால் லாகி எங்கே நிற்கிறது என்பதைப் பாருங்கள். வினைக்கு முன்னால் நின்றால் நடந்துகொண்டிருக்கிறது: லாகி மாக்கான், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். பின்னால் நின்றால் மறுபடியும்: மாக்கான் லாகி, இன்னொரு தடவை சாப்பிடு. மாஸிஹ் என்றால் இன்னும் அப்படியே. ஆக்கான் என்றால் இனிமேல் நடக்கும், செய்தித்தாளிலும் அறிவிப்பிலும் அதிகம்; பேச்சில் அந்த வேலையை மாவ் செய்யும், "போறேன், வாங்கப்போறேன்" என்பது மாதிரி. பேஸோக், நான்த்தி ஏற்கெனவே இருந்தால் இரண்டுமே வேண்டாம்.

இந்தச் சொற்கள் வினைக்கு முன்னால் நிற்கும்: சுடாஹ் டிமாஸாக், பெலும் மெமாஸாக். ஆனால் செய்தவர் "நான்" என்று வரும் அந்த டி இல்லாத வாக்கியத்தில் அவை நானுக்கும் முன்னால் போகும். ஸூராத் ஈத்து சுடாஹ் ஸாயா கிரிம். ஸாயாவும் கிரிமும் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருப்பதால் சுடாஹ் அவற்றுக்கு நடுவே நுழைய முடியாது.

ஒரு செய்தியைப் பிரித்துப் பார்ப்போம்

வாடகை அறை எடுத்துத் தங்கியிருக்கிறீர்கள். மதியம் வீட்டுக்கார அம்மாவிடமிருந்து செல்பேசியில் இப்படி வருகிறது:

```
Tadi Ibu memasak soto. Sotonya sudah ditaruh
di meja, tapi nasinya belum matang. Nanti sore
Ibu mau ke rumah Tante. Kalau sudah makan,
piringnya dicuci, ya.
```

தாடி என்பதால் இன்றைக்கு, கொஞ்சம் முன்னால். ஈபு என்பது அம்மா. தன்னையே அப்படிச் சொல்லிக்கொள்கிறார், நம் வீட்டில் "அம்மா வெளியே போயிட்டு வர்றேன்" என்பது போல. மெமாஸாக், மெ உண்டு, ஆகவே சமைத்தவர் பக்கம் நிற்கும் வாக்கியம்: அம்மா ஸோத்தோ சமைத்தேன். ஸோத்தோ என்பது ஒரு வகை சூப்.

இரண்டாவது வாக்கியத்தில் பார்வை ஸோத்தோ பக்கம் திரும்பிவிட்டது. முன்பே பேசிய அதே ஸோத்தோ என்று காட்ட ஞா ஒட்டியிருக்கிறது. சுடாஹ் டிதாருஹ், வைத்தாச்சு. அடுத்த `di meja` இடைவெளியோடு இருக்கிறது, எனவே மேசையில். ஒரே வாக்கியத்தில் இரண்டு டி-யும் அடுத்தடுத்து நிற்கின்றன, எழுத்துக்கூட்டலைச் சரிபார்க்க நல்ல இடம். சோறு பெலும் மாத்தாங், இன்னும் வேகவில்லை. பெலும் என்பதால் அடுப்பில் இருக்கிறது, வெந்துவிடும் என்று அர்த்தம். தீடாக் என்று இருந்திருந்தால் வேகாத சோறு.

மூன்றாவது வாக்கியத்தில் வினையே இல்லை. நான்த்தி ஸோரே, இன்று மாலை. மாவ், போவதாக எண்ணம். கெ ரூமாஹ் தாந்தே, சித்தி வீட்டுக்கு. போ என்ற சொல் இல்லாமலேயே போவது புரிகிறது.

கடைசி வாக்கியத்தைத்தான் புதியவர்கள் தப்பாகப் படிப்பார்கள். காலாவ் சுடாஹ் மாக்கான்: சாப்பிட்டு முடித்ததும். சுடாஹ் இருக்கிறதே என்று இறந்தகாலமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, நீங்கள் இன்னும் சாப்பிடவே இல்லை. அப்புறம் பீரிங்ஞா டிச்சூச்சி, யா. நேராக மொழிபெயர்த்தால் "தட்டு கழுவப்படுகிறது". உண்மையில் அது ஒரு வேண்டுகோள்: தட்டைக் கழுவி வெச்சிடுப்பா. கட்டளையை ஆள் மேல் வைக்காமல் தட்டின் மேல் வைத்துவிட்டதால் அதில் அதட்டல் இல்லை. டி-யை மரியாதைக்காக இப்படிப் பயன்படுத்துவது வீட்டிலும் அலுவலகத்திலும் தினமும் காதில் விழும்.

சாப்பிட்டுவிட்டீர்கள், தட்டையும் கழுவிவிட்டீர்கள். பதில் போட வேண்டும். செய்தவர் நான், பேச்சு தட்டைப் பற்றி, ஆகவே டி வராது, மெ-யும் வராது. சுடாஹ் நானுக்கு முன்னால் நிற்க வேண்டும்.

```
Piringnya sudah saya cuci, Bu.
```